இதில் எலுமிச்சை இல்லை

வறுப்பக்கா என்று கேட்டால்தான் அந்தப் பகுதியில் வழி காட்டுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பாதியில் காபிக்கொட்டை மூட்டைகளையும் மீதியில் வறுக்கும் இயந்திரத்தையும் வைத்திருந்தாள். அவள் வறுப்பாள், அவள் வீட்டுக்காரர் பொட்டலம் கட்டி, சீல் வைத்து, வேனில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். வறுப்பதில் அவர் தலையிடக் கூடாது, பொட்டலம் கட்டுவதில் அவள் தலையிடக் கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். அதனாலேயே குடும்பமும் தொழிலும் சேதாரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அதுவரை அவர்கள் சரக்கு கொடுத்ததெல்லாம் காபிக் கடைகளுக்குத்தான். கடைக்காரர்களிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை. மூட்டையில் ஊர்ப் பெயரும் வறுத்த தேதியும் எழுதி அனுப்பினால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்த பிறகுதான் சின்னப் பொட்டலம் என்ற பேச்சே எழுந்தது. வீட்டில் காபி போட்டுக் குடிப்பவர்களுக்கும் விற்கலாமே அத்தை, நானே இணையத்தில் பக்கம் போட்டு ஆர்டர் எடுக்கிறேன் என்றாள் மருமகள். வறுப்பக்காவுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஆனால் பொட்டலத்தின் பின்பக்கம் ஒட்டும் வாசகத்தை மட்டும் தானே எழுதுவேன் என்று சொல்லிவிட்டாள். கொட்டையைப் பற்றித் தன்னைவிட யாருக்குத் தெரியும் என்பது அவள் எண்ணம். அதில் தவறும் இல்லை.

எழுதினாள். அடித்தாள், திருத்தினாள், சுருக்கினாள். கடைசியில் வந்தது இது:

‘எத்தியோப்பியா, யிர்காசெஃபே. உயரம் 1,900 மீட்டர். கழுவிப் பதப்படுத்தியது. லைட் ரோஸ்ட். எலுமிச்சை, மல்லிகை, தேன். மிதமான அரைப்பு. 15 கிராம், 250 மில்லி, 93 டிகிரி. முதலில் அரை நிமிடம் பூக்க விட்டுப் பின் மெதுவாக ஊற்றவும்.’

ஒரு வார்த்தை கூடுதலில்லை, ஒரு வார்த்தை பொய்யில்லை. அவளுக்கே அதை மறுபடி மறுபடி படிக்கத் தோன்றியது. வீட்டுக்காரர் படித்துவிட்டு, தந்தி மாதிரி இருக்கிறது என்றார். அதைப் பாராட்டாகவே அவள் எடுத்துக்கொண்டாள். கிடங்கிலிருந்த சின்ன பிரிண்டரில் கொஞ்சம் லேபிள் அடித்து, முதல் பொட்டலங்களில் ஒட்டிப் பார்ப்பது, சரியாக வந்தால் அச்சகத்தில் மொத்தமாக அடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

முதல் பொட்டலத்தை வாங்கியவர் சம்பந்தி. மருமகளின் அப்பா. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி காலமான பிறகு தனக்குத் தானே சமைத்துக்கொண்டு, யாருக்கும் பாரமில்லாமல் இருப்பதையே ஒரு கொள்கையாக வைத்திருப்பவர். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று, காசு கொடுத்தே வாங்கிப் போனார். இரண்டொரு நாளில் போன் செய்து, பிரமாதம் சம்பந்தி, இப்படி ஒரு காபியை நான் குடித்ததே இல்லை என்றார். வறுப்பக்கா அன்று முழுவதும் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அச்சகக்காரரைக் கூப்பிட்டு, லேபிளை மொத்தமாக அடிக்கத் தயாராக இருங்கள் என்றும் சொல்லிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மருமகள் அப்பாவைப் பார்க்கப் போய்விட்டு வந்தாள். வந்தவள் பையைக்கூட வைக்காமல் இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். அப்போதுதான் ஒரு ஈடு இறங்கி, ஆறவைக்கும் தட்டில் கொட்டைகள் சுழன்றுகொண்டிருந்தன. வறுப்பக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தபடியே, என்ன விஷயம் என்று தலையசைத்தாள்.

“அத்தை, சொல்லக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்காத குறை. ஆனா நீங்க லேபிள் மொத்தமா அடிக்கப் போறீங்க.”

“சொல்லு.”

“அந்தக் காபியை அவர் ஒரு தடவைதான் போட்டிருக்கார். பொட்டலம் அப்படியே ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு, ரப்பர் பேண்ட் போட்டு. போட்டுக் காட்டுங்கப்பான்னேன். போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியல அத்தை. ஒரே புளிப்பு.”

வறுப்பக்காவின் வாயில் இருந்த கொட்டை ருசி இழந்தது. முதலில் சம்பந்தியின் மேல் கோபம் வந்தது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லித் தொலைப்பதற்கென்ன? பிறகு கொட்டையின் மேல் சந்தேகம் வந்தது. அந்த ஈட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரியை அரைத்து, மூன்று கிண்ணங்களில் போட்டு, வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டியிருந்த தூள் ஏட்டைக் கரண்டியால் உடைத்து முகர்ந்தாள். மிதந்ததை வழித்து எறிந்துவிட்டு, கொஞ்சம் ஆறியதும் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள். மூன்று கிண்ணத்திலும் ஒரே சுவை, எழுதியிருந்தபடியே. அப்படியானால் கொட்டை மேல் குற்றமில்லை.

“அவருக்கு நாக்கு சரியில்ல, அவ்வளவுதான்,” என்றார் வீட்டுக்காரர், பொட்டலங்களிலிருந்து தலையைத் தூக்காமலே.

வறுப்பக்காவுக்கும் அப்படி நம்பிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மருமகளுக்கு நல்ல நாக்கு. அவளுக்கும் புளித்திருக்கிறது. அதே கொட்டை இங்கே தேன், அங்கே புளி என்றால், நடுவில் இருப்பது அந்த லேபிள் ஒன்றுதான். அச்சகக்காரருக்குப் போன் போட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்றாள். அடுத்த போன் சம்பந்திக்கு. விடுமுறையன்று கொஞ்சம் வந்துவிட்டுப் போக முடியுமா, ஒரு சின்ன உதவி என்றாள்.

சம்பந்தி பிஸ்கட் டப்பாவோடு வந்தார். மேசையைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. புதுப் பொட்டலம் ஒன்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி, ஒரு அடுப்பு, பாத்திரம், கரண்டிகள், வடிகட்டி. சம்பந்தி வீட்டுச் சமையலறையில் என்னென்ன உண்டோ அவ்வளவும் இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மருமகளிடம் கேட்டு அப்படியே எடுத்து வைத்திருந்தாள். பக்கத்து மேசையில் இருந்த தராசும் காகித வடிகட்டியும் நல்ல கிரைண்டரும் துணி போட்டு மூடியிருந்தன.

சம்பந்தி மகளைப் பார்த்தார். அவள் சீல் வைக்கும் இயந்திரத்தை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

“தெரிஞ்சு போச்சா,” என்றார் அவர்.

தெரிந்துவிட்டது என்றும், அதில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றும் சொன்னாள் வறுப்பக்கா. இரண்டாவது பாதி முழு உண்மை இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தன் கடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். லென்ஸை மாற்றிப் போட்டு, இப்போது தெரிகிறதா என்று கேட்டால், தெரியாதவர்களும் தெரிகிறது என்றுதான் சொல்வார்களாம். எழுத்து மங்கலாக இருந்தாலும் தங்களுக்குத்தான் ஏதோ குறை என்று நினைத்து, வெட்கப்பட்டுக்கொண்டு, பளிச்சென்று இருக்கிறது என்பார்களாம். அவர்கள் கண் சுருங்குவதைப் பார்த்தே இவர் கண்டுபிடித்துவிடுவாராம்.

“அவங்களை எல்லாம் நான் திட்டுவேன் சம்பந்தி. உங்க கண்ணுக்குத்தானே கண்ணாடி, எனக்கா பொய் சொல்றீங்கன்னு. கடைசில நானே அதைத்தான் செஞ்சிருக்கேன். எழுதினவங்களுக்கு எல்லாம் தெரியும், எனக்குத்தான் போடத் தெரியலன்னு நெனச்சேன்.”

அப்படியானால் இப்போது, யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் போட்டதுபோலவே போடுங்கள் என்றாள் வறுப்பக்கா. யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். அவள் தனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள் என்பது வீட்டுக்காரருக்குப் புரிந்தது. அவர் ஒரு மூட்டையின் மேல் வசதியாக உட்கார்ந்தார். பல வருஷ இல்வாழ்க்கையில் அவள் பேசாமல் இருப்பதைப் பார்க்க டிக்கெட் இல்லாமல் கிடைத்த வாய்ப்பு.

சம்பந்தி பொட்டலத்தைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றினார். பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரே முகத்தோடு ஒட்டிவைத்துப் படிக்கவேண்டிய எழுத்தாக அது இருந்தது. வறுப்பக்காவின் மனத்தில் முதல் அடி விழுந்தது.

பொட்டலத்தைக் கத்தரித்தார். உள்ளே கொட்டை. தூள் என்று நினைத்துத்தான் வாங்கினாராம்; பரவாயில்லை என்று மிக்ஸியில் போட்டார். மிக்ஸி கத்தியது. திறந்து பார்த்தால் பாதி மாவு, பாதி குருணை. ‘மிதமான அரைப்பு’ இதுதானா என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். பதினைந்து கிராமை எப்படி அளப்பது என்று தெரியாமல் மேசைக்கரண்டியால் மூன்று போட்டார். கொஞ்சம் யோசித்தார். இன்னும் மூன்று போட்டார்.

வறுப்பக்கா கையிலிருந்த துடைக்கும் துணியை முறுக்கினாள்.

தண்ணீர் கொதித்தது. தொண்ணூற்று மூன்று டிகிரி என்றால் கொதிநிலையைவிடக் கொஞ்சம் குறைவு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு குறைவு என்பதுதான் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இறக்கி வைத்துவிட்டு, ஆற விட்டார். பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஆற விட்டார். ஆவி அடங்கியே போயிற்று. வறுப்பக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். லைட் ரோஸ்ட் கொட்டை இறுக்கமானது, நல்ல சூடு இல்லாவிட்டால் உள்ளிருக்கும் இனிப்பை விடாது, புளிப்பை மட்டும் முதலில் துப்பிவிடும். அது அவளுக்குத் தெரியும். லேபிளில் அதைப்பற்றி ஒரு எழுத்து இல்லை.

தூளின் மேல் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அரை நிமிடம் போயிற்று, ஒரு நிமிடம் போயிற்று. முகத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய் மூச்சை இழுத்தார். நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

“சம்பந்தி, எதுக்காகக் காத்திருக்கீங்க?” என்று கேட்டே விட்டாள் வறுப்பக்கா.

“மல்லிகை வாசம் வரணுமே. பூக்க விடவும்னு போட்டிருக்கீங்களே.”

வீட்டுக்காரர் எழுந்து, வேனில் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனார். வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. அவர் சிரிக்கும் சத்தம்தான் கேட்டது.

வறுப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் சூடாயிற்று. எல்லாக் காபிக் கடையிலும் புழங்குகிற பேச்சு அது. புதிதாக வறுத்த தூளில் வெந்நீர் பட்டதும், உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி, தூள் உப்பிக்கொண்டு வரும். அதைத்தான் பூக்கிறது என்பார்கள். அதற்குச் சற்று முன்னால் மல்லிகை என்று எழுதிவைத்தால் படிக்கிறவர் வேறு எதைத்தான் நினைப்பார்? எதற்கும் கேட்டுவைப்போம் என்று, ஏன் கரண்டியை இரட்டிப்பாகப் போட்டீர்கள் என்றாள்.

“லைட்னு போட்டிருக்கே. லைட்டா இருந்தா எனக்குப் பிடிக்காது. ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு கூடப் போட்டேன்.”

“பால் ஊத்திப் பார்க்கலையா?”

“எப்படி ஊத்துறது? அதான் எலுமிச்சை இருக்கே. திரிஞ்சு போயிடாதா?”

இந்த இடத்தில்தான் வறுப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. துணியை முகத்தில் பொத்திக்கொண்டு மேசையில் சாய்ந்து சிரித்தாள். மருமகள் இதற்காகவே காத்திருந்ததுபோலச் சேர்ந்துகொண்டாள். சம்பந்தி முதலில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தான் சொன்னதைத் தானே ஒருமுறை மனத்துக்குள் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும், தோள் குலுங்க ஆரம்பித்தது.

சிரித்து முடித்ததும் அவள் பக்கத்து மேசையின் துணியை விலக்கிக் கிரைண்டரை வெளியே எடுத்தாள். அதே கொட்டையை, மணல்போல ஒரே சீராக அரைத்து, கூம்பில் பொருத்திய காகித வடிகட்டியில் போட்டாள். கொதித்து இறங்கிய தண்ணீரைச் சூடு போகுமுன் கொஞ்சம் ஊற்றினாள். தூள் மூச்சு வாங்குவதுபோல எழும்பிக் குமிழியிட்டது. சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். வாசம் வந்தது. பூ மாதிரிதான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் இந்தக் கூம்பும் காகிதமும் தன்னிடம் இல்லையே, இதற்காக வாங்கி வைக்கவும் போவதில்லையே என்றார். பிறகு கழுவிக் கவிழ்த்திருந்த கிண்ணங்களைக் காட்டி, நீங்கள் தினமும் ருசி பார்ப்பது இதிலேதான் என்று பாப்பா சொன்னாள், இதில் காகிதம் எதுவும் வேண்டாமா என்று கேட்டார்.

வறுப்பக்கா வாய் திறந்து பதில் சொல்லப் போய், அப்படியே நின்றாள். காகிதமும் வேண்டாம், கூம்பும் வேண்டாம். தூள், கொதித்த தண்ணீர், நான்கு நிமிடம், ஒரு கரண்டி. வருஷக்கணக்காகத் தினமும் காலையில் அவள் செய்கிற வேலை. அதைக் காபி போடும் முறை என்று அவள் நினைத்ததே இல்லை. பரிசோதனை என்றுதான் நினைத்திருந்தாள். கிண்ணத்துக்குப் பதில் பெரிய கப், கடைசியில் வடிகட்டி. அவ்வளவுதானே.

அந்த முறையிலேயே ஒரு கப் போட்டுக் கொடுத்தாள். சம்பந்தி குடித்தார். மூவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அதற்குள் வீட்டுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தார்.

“இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லுங்க,” என்றாள் வறுப்பக்கா.

“நல்லா இருக்கு. நிஜமாவே. தேன் இருக்கு பாருங்க, கடைசில.” இன்னொரு வாய் குடித்தார். தயங்கினார். “ஆனா சம்பந்தி, கோவிச்சுக்கக் கூடாது. எனக்குத் தினமும் குடிக்க இது வேணாம். எனக்குப் பால் வேணும், சர்க்கரை வேணும், கொஞ்சம் கசப்பு வேணும்.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் பொய்யாகப் பிரமாதம் என்றபோது கிடைத்த சந்தோஷத்தைவிட இது கெட்டியாக இருந்தது. அலமாரியிலிருந்து கறுத்து, மேலே எண்ணெய்ப் பளபளப்போடு இருந்த டார்க் ரோஸ்ட்டை எடுத்து அரைத்து, கெட்டியாக இறக்கி, பால் காய்ச்சி ஊற்றிக் கொடுத்தாள். அவர் கப்பைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

அன்று மத்தியானம் நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து லேபிளைப் பிரித்துப் போட்டார்கள். வறுப்பக்கா சொல்லச் சொல்ல மருமகள் அடித்தாள். சம்பந்தி எங்கே புருவத்தை நெரித்தாரோ அங்கே நிறுத்தினார்கள். வீட்டு மேசைக்கரண்டியால் தூளை அள்ளி, தலை தட்டி, தராசில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று கரண்டிக்குப் பதினைந்து கிராம் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார் சம்பந்தி. இப்படியே போனால் லேபிளுக்குள்தான் பொட்டலத்தைப் போடவேண்டும் என்றார் வீட்டுக்காரர். உயரத்தை எடுத்துவிடலாமா என்று மருமகள் கேட்டதற்கு மட்டும் வறுப்பக்கா இணங்கவில்லை. எண்ணை எடுத்துவிட்டு அர்த்தத்தை எழுது என்றாள்.

கடைசி வரியில்தான் சண்டை வந்தது.

“வாங்காதீங்கன்னு யாராவது தன் பொட்டலத்துலயே எழுதுவாங்களா?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“வாங்கி ஃபிரிட்ஜ்ல வைக்கிறதுக்கு, வாங்காம இருக்கிறது மேல்ங்க.”

“சரக்கு நிக்கும்.”

“நின்னா நானே குடிக்கிறேன்.”

அவள் குடித்தும் விடுவாள் என்று அவருக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் வாசகம் இப்படி முடிந்தது:

‘முதல்முறையாக வாங்குகிறீர்களா? ஒரு நிமிடம் இதைப் படியுங்கள்.

இது லைட் ரோஸ்ட். கொட்டையைக் குறைவாக வறுத்திருக்கிறோம் என்று அர்த்தம். காபி நீர்த்திருக்கும் என்று அர்த்தமில்லை. தூளைக் கூட்ட வேண்டாம்.

எத்தியோப்பியாவில் யிர்காசெஃபே என்ற மலைப்பகுதியில் விளைந்தது. உயரமான, குளிர்ச்சியான இடத்தில் மெதுவாகப் பழுத்ததால் இதமான புளிப்பும் பூவின் மணமும் தேன்போன்ற முடிவும் உண்டு. அத்தனையும் கொட்டையின் சொந்தச் சுவை. இதில் எலுமிச்சை இல்லை, மல்லிகையும் இல்லை.

உள்ளே இருப்பது முழுக் கொட்டை. வீட்டில் காபி கிரைண்டர் இல்லையென்றால் வாங்கும்போதே சொல்லுங்கள், அரைத்துத் தருகிறோம்.

பெரிய கப்பில் மூன்று மேசைக்கரண்டி தூள், தலை தட்டி. தண்ணீர் கொதித்து அடங்கியதும், ஆற விடாமல், கால் லிட்டர் ஊற்றுங்கள். நான்கு நிமிடம் கழித்துக் கிளறி, தூள் அடியில் இறங்கியதும் வடிகட்டிக் குடியுங்கள். வாய் கூசும் அளவுக்குப் புளித்தால் தண்ணீரில் சூடு போதவில்லை. கசந்தால் அதிக நேரம் ஊறிவிட்டது.

பாலும் சர்க்கரையும் இருந்தால்தான் காபி என்பவரா? இதை வாங்காதீர்கள். எங்கள் டார்க் ரோஸ்ட்டைக் கேளுங்கள்.’

வறுப்பக்கா அதை ஒருமுறை உரக்கப் படித்தாள். முந்தைய லேபிளின் அழகு இதில் இல்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் படித்து முடித்தபோது யாருடைய புருவமும் நெரியவில்லை. மருமகள் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, அப்பாவைக் கொண்டுபோய் விட வண்டிச் சாவியை எடுத்தாள்.

மறுநாள் காலை வறுப்பக்கா இயந்திரத்தைச் சூடேற்றி, முதல் ஈட்டைப் போட்டிருந்தாள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, கொட்டைகள் சடசடவென்று வெடிக்கத் தொடங்கும் நேரத்தில் அச்சகக்காரர் போன் செய்தார். அந்த நேரத்தில் அவள் தன் கல்யாணத்துக்கே கூப்பிட்டாலும் போகமாட்டாள் என்பதால் வீட்டுக்காரர்தான் எடுத்தார். ஏதாவது எழுத்துப் பிழையா என்று கேட்டார். பிழை ஒன்றும் இல்லை, வேலை மத்தியானம் முடிந்துவிடும் என்றது மறுமுனை. பிறகு கொஞ்ச நேரம் வீட்டுக்காரர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் வெடிச்சத்தம் அடங்குமுன் கொட்டையைத் தட்டில் இறக்கினாள். புகையோடு உமி பறந்தது. என்னவாம் என்று கேட்டாள்.

“அடிக்கும்போது படிச்சுப் பார்த்தாராம். கடைசி வரி அவரைச் சொல்ற மாதிரியே இருக்காம். அந்த டார்க் ரோஸ்ட் ஒண்ணு வேணுமாம், அரைச்சது.”

அவள் தட்டில் சுழலும் கொட்டைகளைக் கரண்டியால் அளைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து, டார்க் ரோஸ்ட்டை எடுத்து, கிரைண்டரில் கொட்டினார்.